அந்த விழாவுக்கு மீண்டும் ஸ்பான்சர் செய்யலாமா?

விழா முடிந்து சில வாரங்களில் அமைப்பாளர்களிடமிருந்து ஓர் அறிக்கை வந்தது. நல்ல தாளில் அச்சிட்டு, நிறையப் படங்களுடன் இருந்தது. மேடைக்குப் பின்னால் எங்கள் பெயர்ப்பலகை, நுழைவுச்சீட்டில் எங்கள் சின்னம், செய்தித்தாள்ப் படத்தின் ஓரத்தில் பாதி தெரியும் எங்கள் பெயர் என ஒவ்வொன்றையும் எடுத்துக்காட்டி, அதே அளவு இடத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கணக்கிட்டிருந்தார்கள். கூட்டிப் பார்த்தால், நாங்கள் கொடுத்த கட்டணத்தைப் போல எட்டு மடங்குக்கு மேல் ‘ஊடக மதிப்பு’ கிடைத்துவிட்டதாகக் கடைசிப் பக்கம் சொல்லியது. அதனுடன் அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தப் படிவமும் இணைக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தின் உரிமையாளர் இரண்டையும் என் மேசையில் வைத்துவிட்டு, “கையெழுத்துப் போடலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார். கணக்குப் பார்ப்பது என் வேலை. ஆனால் இந்தக் கேள்விக்கு எங்கள் கணக்குப் புத்தகத்தில் நேரடியான விடை எங்கும் இல்லை. அதனால்தான் அது நெடுநாள் என்னை விடாமல் தொந்தரவு செய்தது.

எங்களுடையது சிறிய நிறுவனம். வீடுகளுக்குத் தண்ணீர் சுத்திகரிப்பான் விற்று, பொருத்தி, ஆண்டுப் பராமரிப்பு செய்து தருகிறோம். ஸ்பான்சர் செய்தது மூன்று நாள் இசை விழா ஒன்றுக்கு. அதில் ‘முதன்மை ஆதரவாளர்’ என்ற பட்டத்துக்குக் கொடுத்த கட்டணத்தை இந்தக் கட்டுரை முழுவதும் 100 பங்கு என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாத் தொகைகளையும் அதே பங்கில் சொல்கிறேன். தொகை இடத்துக்கு இடம் மாறும், விகிதம்தான் இங்கே பேச வேண்டியது.

முதலில் அந்த எட்டு மடங்கை ஒதுக்கி வைத்தேன். ஒரு படத்தின் ஓரத்தில் நம் பெயர் தெரிவதும், நாம் சொல்ல விரும்புவதைச் சொல்லி, தொலைபேசி எண்ணும் போட்டு ஒரு விளம்பரம் வெளியிடுவதும் ஒன்றல்ல. அதற்கும் மேலாக, அந்த விளம்பர இடத்தை அந்த விலைக்கு நாங்கள் ஒருபோதும் வாங்கியிருக்க மாட்டோம். வாங்கியிருக்கவே மாட்டாத ஒன்றின் விலையை வருமானமாக எழுதிக்கொள்ள எந்தக் கணக்காளரும் சம்மதிக்க மாட்டார். மக்கள் தொடர்புத் துறையைச் சேர்ந்தவர்களே 2010-இல் பார்சிலோனாவில் கூடி வகுத்த அளவீட்டுக் கோட்பாடுகளில், விளம்பரச் சமமதிப்பு என்பது மக்கள் தொடர்பின் மதிப்பாகாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் இந்தக் கணக்கு அறிக்கைகளில் தொடர்ந்து வருகிறது. அமைப்பாளர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. தங்களால் எளிதில் எண்ண முடிந்ததை எண்ணித் தருகிறார்கள். நமக்கு வேண்டியதை எண்ணுவது நம் பொறுப்பு.

எத்தனை குடும்பங்கள் வந்தால் முதல் திரும்பும்?

செலவைச் சரியாக எழுதுவதில்தான் முதல் சிக்கல். ஸ்பான்சர் கட்டணம் 100 என்றால் செலவும் 100 என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் விழா வளாகத்தில் போட்ட அரங்கு, அதில் மூன்று நாள் நின்ற ஊழியர்களின் மிகைநேரச் சம்பளம், அச்சிட்ட துண்டறிக்கைகள், செய்துகாட்டக் கொண்டுபோன இயந்திரங்களின் போக்குவரத்து, விழாவுக்கென அறிவித்த தள்ளுபடி எல்லாம் தனித்தனித் தலைப்புகளில், தனித்தனி மாதங்களில் புத்தகத்தில் சிதறிக் கிடந்தன. தேடி ஒன்றுசேர்த்தபோது மேலும் 50 பங்கு வந்தது. ஆக மொத்தச் செலவு 150. கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு வேறெதுவும் செய்யாமல் இருந்தால் செலவு குறையும்தான். ஆனால் வெறும் பெயரை ஒட்டிவிட்டு வருவதால் யாரும் தேடிவருவதில்லை என்பதால், இந்த இரண்டாம் செலவு ஏறக்குறையத் தவிர்க்க முடியாதது. பேரம் பேசும்போதே அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அடுத்தது, ஒரு புதிய வாடிக்கையாளரால் நமக்கு நிற்பது எவ்வளவு என்ற கேள்வி. இங்கே விற்பனை விலையை எடுத்துக்கொள்வது மிகப் பெரிய தவறு. இயந்திரத்தின் கொள்முதல் விலை, பொருத்துகிறவரின் கூலி, வண்டிச் செலவு எல்லாம் போக எங்களுக்கு ஒரு விற்பனையில் நிற்பது 1 பங்கு. அதன்பிறகு பராமரிப்பு ஒப்பந்தத்தில் வருகிற ஆதாயம் இருக்கிறது. ஆனால் எல்லோரும் புதுப்பிப்பதில்லை; ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை தேய்ந்துகொண்டே போகும். பழைய வாடிக்கையாளர் பட்டியலைப் பார்த்து, அந்தத் தேய்மானத்தையும் கழித்தபிறகு, அரைப் பங்கு என்று வைத்தேன். ஆகவே ஒரு புதிய குடும்பத்தின் மதிப்பு ஒன்றரைப் பங்கு. 150-ஐ ஒன்றரையால் வகுத்தால் 100. அதாவது, விழா நடந்திருக்காவிட்டால் நம்மிடம் வந்திருக்கவே மாட்டாத 100 குடும்பங்கள் வந்தால்தான் போட்ட முதல் திரும்பும். அதற்குப் பிறகு வருவதுதான் லாபம்.

இந்த 100 என்பது நடக்கக்கூடியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அமைப்பாளர் சொன்ன பார்வையாளர் எண்ணிக்கை 6,000. அவ்வளவு பேரில் 100 குடும்பங்கள் எளிதில் கிடைத்துவிடும் என்றுதான் உரிமையாளரும் நினைத்தார், முதலில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த 6,000 என்பது வாசலில் எண்ணப்பட்ட நுழைவுகள். மூன்று நாளுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கியவர்கள் 1,500 பேர். அவர்கள் ஒவ்வொருவரும் மூன்று முறை எண்ணப்பட்டிருக்கிறார்கள். மீதி 1,500 பேர் ஏதோ ஒருநாள் மட்டும் வந்தவர்கள். எனவே உண்மையில் வந்த மனிதர்கள் 3,000. தண்ணீர் சுத்திகரிப்பானை ஆளுக்கு ஒன்று வாங்குவதில்லை, வீட்டுக்கு ஒன்றுதான். கணவன் மனைவியாகவும் குடும்பமாகவும் வந்தவர்களைக் கணக்கில் கொண்டால் அது சுமார் 1,200 வீடுகள். அவற்றில் மூன்றில் ஒரு பங்கு எங்கள் ஊழியர்கள் போய்ப் பராமரிக்க முடியாத தொலைவில் இருப்பவை என்பது சீட்டு முன்பதிவு செய்தவர்களின் அஞ்சல் குறியீட்டில் தெரிந்தது. எஞ்சிய 800 வீடுகளில் 64 ஏற்கெனவே எங்கள் வாடிக்கையாளர்கள். மீதி 736. ஒரு வீட்டில் சுத்திகரிப்பான் ஏறத்தாழ எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது என்பது எங்கள் அனுபவம். அப்படியென்றால் அந்த ஆண்டில் புதிதாக வாங்கும் எண்ணத்தில் இருந்திருக்கக்கூடிய வீடுகள், எட்டில் ஒரு பங்கான 92.

இந்த இடத்தில் நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கணக்கை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். முதல் திரும்ப வேண்டுமானால் 100 வீடுகள் தேவை. விழாவுக்கு வந்தவர்களில், அந்த ஆண்டில் வாங்கும் நிலையில் இருந்தவர்களோ 92. அவர்களில் ஒருவர் விடாமல் அத்தனை பேரும், வேறெந்த நிறுவனத்தையும் விசாரிக்காமல், எங்களிடமே வாங்கியிருந்தாலும் செலவு ஈடாகியிருக்காது. இதை அறிந்துகொள்ள விழா முடியும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே, அமைப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேட்டு ஒரு மாலையில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. நுழைவுகள் எத்தனை, தனி மனிதர்கள் எத்தனை, அவர்கள் எந்தெந்தப் பகுதியிலிருந்து வருகிறார்கள் என்பவையே அந்த மூன்று. கடைசி இரண்டுக்கும் பதில் தெரியாத அமைப்பாளரிடம் பெரிய தொகையைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

இந்தக் கணக்கின் விடை தொழிலுக்குத் தொழில் தலைகீழாகும் என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் இயன்முறை மருத்துவ நிலையம் நீண்ட தூர ஓட்டப் பந்தயத்துக்கு ஸ்பான்சர் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஓடுகிறவர்களில் கணிசமானோருக்கு ஆண்டுக்குள் முழங்காலிலோ குதிகாலிலோ ஏதோவொரு தொந்தரவு வரும். அங்கே எட்டில் ஒரு பங்கு என்ற தடை இல்லை, ஒரு நோயாளி பலமுறை வந்து சிகிச்சை பெறவும் செய்கிறார். கூட்டம் எங்கள் விழாவில் வந்ததில் பாதியாக இருந்தாலும் அந்த நிலையத்துக்கு முதல் திரும்பிவிடலாம். பார்வையாளர் எண்ணிக்கையைவிட, அவர்களில் எத்தனை பேருக்கு இப்போது நாம் தேவைப்படுகிறோம் என்பதே எடை கூடிய கேள்வி.

உண்மையில் வந்தவர்கள்

ஊகத்தை விட்டு, நடந்ததைப் பார்க்கப் போனேன். விழாவில் கொடுத்த சலுகைக் குறியீட்டைச் சொல்லி வாங்கியவர்கள் 26 பேர். விற்பனைப் பிரிவு இதைத்தான் வெற்றிக்கு அத்தாட்சியாகக் காட்டியது. நான் அந்த 26 பெயர்களையும் எங்கள் விசாரணைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டேன். தொலைபேசியில் விலை கேட்கிற ஒவ்வொருவரின் பெயரையும் தேதியையும் எழுதி வைக்கிற சாதாரணப் பதிவேடு அது. 11 பேர் விழாவுக்கு முன்பே எங்களை அழைத்து விலை விசாரித்திருந்தார்கள். ஒருவர் வீட்டை அளந்து பார்க்க ஆள் அனுப்பும்படி நாள்கூடக் குறித்திருந்தார். பிறகு விழாவில் தள்ளுபடி கிடைக்கிறது என்று தெரிந்து, குறியீட்டைச் சொல்லிக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொண்டார். இவர்களில் சிலர் விழா இல்லாவிட்டால் மனம் மாறியிருக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் இவர்களை விழா கொண்டுவந்தவர்கள் என்று எழுத முடியாது. நாமே கையைப் பிடித்துத் தள்ளுபடி கொடுத்தவர்கள் என்றுதான் எழுத வேண்டும். எஞ்சிய 15 குடும்பங்களே புதியவை. வாங்கும் நிலையில் இருந்த 92-இல் 15 என்பது உண்மையில் மிக நல்ல விகிதம். ஊழியர்கள் அரங்கில் நன்றாக உழைத்திருக்கிறார்கள். ஆனால் 15-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 22 பங்குக்குச் சற்று மேல். செலவு 150.

குறியீட்டைச் சொல்லாமல் வந்தவர்கள் இருப்பார்களே என்று உரிமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. அதைப் பிடிக்க எங்களிடம் ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. புதிதாக அழைக்கிற எவரிடமும், விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், எங்களைப் பற்றி முதலில் எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுவோம். ‘விழாவில் பார்த்தீர்களா?’ என்று கேட்டால் பாதிப்பேர் மரியாதைக்காக ஆமாம் என்பார்கள். தள்ளுபடியைப் பற்றிச் சொன்னபிறகு கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். அதனால் கேள்வி பொதுவாகவும், முதலிலேயும் வர வேண்டும். அடுத்த ஆறு மாதப் பதிவுகளில் குறியீடு இல்லாமல் விழாவைக் குறிப்பிட்ட தனி வாங்குநர் ஒருவரும் இல்லை.

மாத விற்பனையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து முடிவுக்கு வரலாமே என்றும் பேச்சு வந்தது. விழா நடந்த மாதத்தில் விற்பனை சற்று உயர்ந்திருந்தது உண்மை. ஆனால் நாங்கள் மாதத்துக்குச் சுமார் 50 இயந்திரங்கள் விற்கிறோம். எந்தக் காரணமும் இல்லாமலேயே ஒரு மாதம் 40, இன்னொரு மாதம் 62 என்று அது ஊசலாடும். ஆறு மாதத்தில் பரவி வந்த 15 என்பது மாதத்துக்கு மூன்றுகூட இல்லை. அந்த ஊசலாட்டத்துக்குள் இது கண்ணுக்கே தெரியாது. லூயிஸ், ராவ் என்ற இரு பொருளியலாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய நிறுவனங்கள் இலட்சக்கணக்கானவர்களை வைத்து நடத்திய விளம்பரச் சோதனைகளிலேயே லாபமா நட்டமா என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் போனதைக் காட்டினார்கள். மக்கள் வாங்குவது ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறுபடுகிறது, ஒரு விளம்பரம் சேர்ப்பதோ மிகச் சிறிது. அவர்களுக்கே அந்த நிலை என்றால், மாதம் 50 விற்கிற நாங்கள் வரைபடத்தைப் பார்த்து மகிழ்வதிலும் பயனில்லை, வருந்துவதிலும் பயனில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளரையும் பெயர் பெயராகத் தொடர்ந்து பார்ப்பதுதான் எங்களுக்குச் சாத்தியமான அளவீடு. சிறிய நிறுவனத்துக்கு இருக்கிற ஒரே வசதி அது, பெரியவர்களால் அதைச் செய்ய முடியாது.

பெயர் பரவியது ஒரு லாபமில்லையா என்ற கேள்வி எஞ்சியது. நேர்மையாகச் சொன்னால், இதற்காகத்தான் பெரும்பாலான சிறு நிறுவனங்கள் பட்டத்தை வாங்குகின்றன. விழா முடிந்தபிறகு, அங்கே வந்திருந்தவர்களில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் சிலரைத் தொலைபேசியில் அழைத்து, அந்த விழாவுக்கு எந்தச் சுத்திகரிப்பான் நிறுவனம் ஆதரவு தந்தது என்று மட்டும் கேட்கச் சொன்னேன். அழைத்தவர் எங்கள் பெயரைச் சொல்லவில்லை. பதில் சொன்னவர்களில் எங்களைச் சொன்னவர்களைவிட, இந்தத் துறையின் மிகப் பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொன்னவர்கள் அதிகம். அந்த நிறுவனத்துக்கும் விழாவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இது எங்களுக்கு மட்டும் நடந்த விபத்து அல்ல. கீதா ஜோஹர், மிஷெல் ஃபாம் என்ற ஆய்வாளர்கள் 1999-இல் காட்டியது இதுதான். யார் ஸ்பான்சர் என்று நினைவில்லாதபோது மக்கள் ஊகிக்கிறார்கள். அந்த ஊகம் நிகழ்ச்சியோடு பொருந்துவதாகத் தோன்றும் நிறுவனத்தை நோக்கியும், சந்தையில் முன்னால் நிற்கும் நிறுவனத்தை நோக்கியும் சாய்கிறது. சிறிய நிறுவனம் கட்டணம் கட்டி மேடையில் தொங்கவிட்ட பெயர், பார்வையாளரின் மனத்தில் பெரிய நிறுவனத்தின் பெயராக மாறிவிடக்கூடும். இதை எண்ணிப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

எது வேலை செய்தது?

இவ்வளவையும் எழுதிக் காட்டியபோது உரிமையாளர் பொறுமையாகப் படித்தார். படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “அந்தக் குடியிருப்பு ஆர்டரை எங்கே எழுதியிருக்கிறீர்கள்?”

விழாவுக்கு வந்திருந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், பின்னர் எங்களை அழைத்து 30 வீடுகளுக்குச் சேர்த்து ஆர்டர் கொடுத்திருந்தார். மொத்தமாகக் கொடுத்ததால் விலை குறைவு. வீட்டுக்கு ஒரு பங்கு ஆதாயம் என்று வைத்தாலும் 30 பங்கு. விழாவால் வந்த தனித்தனி வாடிக்கையாளர்கள் எல்லோரையும்விட அந்த ஓர் ஆர்டர் பெரியது. நான் அதைத் தனித் தாளில் வைத்திருந்தேன். ஆண்டுதோறும் வரும் என்று எதிர்பார்க்க முடியாத ஒன்றை வழக்கமான வரவோடு சேர்த்தால் அடுத்த ஆண்டுக் கணக்கு பொய்த்துவிடும் என்பதே என் எண்ணம். அவரோ, இப்படிப்பட்ட ஒன்று நடக்கும் என்ற நம்பிக்கையில்தானே இந்தத் தொழிலே நடத்துகிறோம் என்றார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் பட்டது. அதனால் விவாதம் அங்கேயே நின்றுவிட்டது.

அதை நகர்த்தியது, அந்தச் செயலாளர் என்ன சொல்லி அழைத்தார் என்று பதிவேட்டில் பார்த்ததுதான். ‘உங்கள் அரங்கில் தண்ணீர் குடித்தோம், எங்கள் குழாய்த் தண்ணீரையும் சோதித்துச் சொல்ல முடியுமா?’ என்று கேட்டிருந்தார். உடனே மற்ற 15 பேரின் பதில்களையும் வரிசையாக எடுத்து வைத்துப் படித்தேன். 12 பேர் அரங்கைச் சொன்னார்கள். அங்கே தண்ணீரைக் குடித்துப் பார்த்தது, கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் சிறிய கருவியில் சுத்திகரிப்பதற்கு முன்னும் பின்னும் எண் மாறுவதைப் பார்த்தது, ஊழியர் ஒருவர் நிதானமாக விளக்கியது. இரண்டு பேர் அரங்குக்குப் போன நண்பர் சொல்லி வந்தவர்கள். நுழைவுச்சீட்டில் பெயரைப் பார்த்து அழைத்தவர் ஒரே ஒருவர்.

அதுவரை நாங்கள் இருவரும் ஸ்பான்சர் என்பதை ஒரே பொருளாக வைத்துக்கொண்டு, அது லாபமா நட்டமா என்று பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் நாங்கள் வாங்கியது ஒரு மூட்டை. அதற்குள் அரங்கு போடும் உரிமை, மேடைப் பெயர்ப்பலகை, அறிவிப்பாளர் பெயரைச் சொல்வது, சீட்டில் சின்னம், முன்வரிசை இருக்கைகள் எல்லாம் இருந்தன. அமைப்பாளரின் விலைப்பட்டியலில் அரங்கு மட்டும் வேண்டுமென்றால் 20 பங்கு. அப்படியானால் பட்டத்துக்காக நாங்கள் கூடுதலாகக் கொடுத்தது 80. அந்த 80 கொண்டுவந்ததாகப் பதிவேடு காட்டுவது ஒரு குடும்பம், அதாவது ஒன்றரைப் பங்கு. அதே விழாவில் அரங்கோடு மட்டும் நின்றிருந்தால் செலவு 70-ஆகவும், குடியிருப்பு ஆர்டரையும் சேர்த்த வரவு 51-ஆகவும் இருந்திருக்கும். நட்டம்தான், ஆனால் சரிசெய்யக்கூடிய நட்டம்.

மேடையில் பெயர் தெரிந்ததால்தானே அரங்கை நம்பி வந்தார்கள் என்று இதற்கு எதிராகச் சொல்லலாம். அதை நான் தள்ளிவிடவில்லை. இரண்டும் சேர்ந்து வேலை செய்வது உண்டு, வாடிக்கையாளரிடம் கேட்டாலும் அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே பட்டத்துக்கு மிகத் தாராளமாகவே மதிப்புக் கொடுத்துப் பார்த்தேன். வந்த மொத்த வரவான 52-இல் பாதி பட்டத்தால்தான் வந்தது என்று வைத்தாலும் 26. கொடுத்த 80-இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எவ்வளவு தாராளம் காட்டியும் விடை மாறாதபோது, துல்லியமாகத் தெரியவில்லையே என்று முடிவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. உரிமையாளரை இணங்க வைத்ததும் இந்த வரிதான்.

விழாவை விட்டு விலக அவருக்கு மனமில்லை. அந்த இசையின் மீதும் அதை நடத்துகிறவர்களின் மீதும் அவருக்கு உண்மையான மதிப்பு உண்டு. நல்லது ஒன்றுக்குத் துணை நிற்க விரும்புவது அவர் உரிமை. ஆனால் அதற்குக் கொடுப்பதை நன்கொடை என்ற தலைப்பில் எழுதி, ஆண்டுக்கு இவ்வளவு என்று வரம்பு வைத்துவிடலாம் என்று சொன்னேன். விளம்பரச் செலவுக்குள் நன்கொடையை ஒளித்து வைத்தால் இரண்டையுமே சரியாக மதிப்பிட முடியாமல் போகும்.

இரண்டாம் ஆண்டு

பட்டத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு, அமைப்பாளரிடம் வேறொன்றைப் பேசினோம். கலைஞர்களுக்கும் பார்வையாளர்களுக்கும் குடிநீர்ப் புட்டிகள் வாங்க அவர்கள் ஆண்டுதோறும் நல்ல தொகை செலவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக வளாகத்தில் எங்கள் இயந்திரங்களை வைத்துக் குடிநீர் வழங்குகிறோம், பணமாக எதுவும் தரமாட்டோம், அரங்குக்கும் கட்டணம் கிடையாது என்பது எங்கள் யோசனை. எங்களுக்கு ஆகிற செலவு குறைவு, அவர்களுக்கு மிச்சமாகிற செலவு அதிகம் என்பதால் ஒப்புக்கொண்டார்கள். பொருளாகவோ சேவையாகவோ தருகிற ஆதரவில் இந்த இடைவெளிதான் முக்கியம். அது இல்லாத பொருளைக் கொடுப்பதும் பணம் கொடுப்பதும் ஒன்றே. தள்ளுபடியையும் நிறுத்திவிட்டோம். முதல் ஆண்டில் அதற்கு மட்டும் 10 பங்கு போயிருந்தது, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான தொகை எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர்களுக்குச் சென்றது. அதற்குப் பதில் வீட்டுக்கு வந்து தண்ணீரை இலவசமாகச் சோதித்துத் தருவதாக அறிவித்தோம். ஏற்கெனவே விலை விசாரித்து முடிவெடுத்துவிட்டவருக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. இன்னும் முடிவெடுக்காதவருக்குத்தான் தேவைப்படும்.

இயந்திரங்களின் போக்குவரத்து, வடிகட்டித் தேய்மானம், ஊழியர் மிகைநேரம், வீடுவீடாகப் போன சோதனைகள் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 24 பங்கு. ஆறு மாதப் பதிவேட்டை முடித்தபோது, முன்பே விசாரித்தவர்களைக் கழித்தபிறகு புதிய குடும்பங்கள் 18. வரவு 27. பெரிய ஆர்டர் எதுவும் இம்முறை வரவில்லை, அது இல்லாமலேயே மூன்று பங்கு மிஞ்சியது. மேடையில் எங்கள் பெயர் இல்லாததால் அரங்குக்கு வந்தவர்கள் குறையவும் இல்லை. குடிநீர் இயந்திரங்களே ஆட்களை இழுத்திருக்கலாம் என்பதால், இதைப் பட்டம் பயனற்றது என்பதற்கு முழுச் சான்றாக நான் காட்ட மாட்டேன். ஆனால் பட்டத்தை விட்டதால் எதையோ இழந்துவிட்டோம் என்ற அச்சத்துக்கு இனி ஆதாரம் இல்லை.

மூன்றாம் ஆண்டுக்கு அமைப்பாளர்கள் மூன்றாண்டு ஒப்பந்தம் ஒன்றை முன்வைத்திருக்கிறார்கள். குடிநீர் வழங்குவதுடன் ஆண்டுக்கு 10 பங்கு பணமும், பதிலுக்கு ‘குடிநீர் ஆதரவாளர்’ என்ற பட்டமும். செலவு 34 ஆனால் 23 குடும்பங்கள் வர வேண்டும். அது வாங்கும் நிலையில் இருப்பவர்களில் நான்கில் ஒரு பங்கு. இரண்டு ஆண்டுகளிலும் அந்த அளவை நாங்கள் தொடவில்லை. மூன்று நாள் சீட்டு வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் பெரும்பாலும் அதே மனிதர்கள்தான், அவர்களில் எங்களைப் பிடித்தவர்கள் வாங்கி முடித்துவிட்டார்கள். எனவே எண்ணிக்கை இனி உயர்வதைவிடக் குறையவே வாய்ப்பு அதிகம் என்று எழுதிக் கொடுத்தேன். பணத்தையும் மூன்றாண்டுப் பிணைப்பையும் நீக்கச் சொல்லி, பட்டத்துக்குப் பதிலாக வளாகத்தில் வேறு சுத்திகரிப்பான் நிறுவனத்துக்கு அரங்கு தருவதில்லை என்ற ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறோம். ஒப்பந்தம் ஓராண்டுக்கு மட்டும். புதுப்பிப்பதா என்ற முடிவை, அமைப்பாளரின் அறிக்கை வரும் நாளில் எடுப்பதில்லை, ஆறு மாதப் பதிவேட்டை மூடிய பிறகே எடுப்பது என்று உரிமையாளரும் நானும் தேதி குறித்துக் கையெழுத்திட்டிருக்கிறோம்.